முதல் சந்திப்புக்கு மறுநாள் காலை அனுப்பும் செய்தி

முதல் சந்திப்பு சுமாராக முடிந்தவர்கள் மறுநாள் என்ன எழுதுவது என்று கேட்டு ஆலோசனைக்கு வருவதில்லை. மிக நன்றாக அமைந்தவர்கள்தான் கைபேசியும் கையுமாக வந்து நிற்கிறார்கள். இரவு முழுவதும் பேசியதை எல்லாம் திரும்ப ஓட்டிப் பார்த்து, விடியும்போது தம்மைத் தாமே சந்தேகிக்கத் தொடங்கியிருப்பார்கள். இந்தச் சந்தேகம் பெரும்பாலும் பொய்யானது. எரிக்கா பூத்பியும் அவருடைய சக ஆய்வாளர்களும் 2018இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமில்லாத இருவர் உரையாடிப் பிரிந்த பிறகு, எதிரில் இருந்தவருக்குத் தம்மை எவ்வளவு பிடித்தது என்பதை இருவருமே குறைத்து மதிப்பிட்டது தெரியவந்தது.

அண்மையில் ஓர் இளைஞர் காட்டிய வரைவு இப்படி இருந்தது: “நேற்று நான் அதிகமாகப் பேசிவிட்டேனோ? மன்னியுங்கள். இதுவரை யாருடனும் இப்படி உணர்ந்ததில்லை. உங்களுக்கும் அப்படித்தானே? வீட்டுக்குப் பத்திரமாகப் போனீர்களா? இன்று மாலை பார்க்கலாமா?” இதில் அன்பு மிகுந்துவிட்டது என்று அவர் அஞ்சினார். என் கணிப்பில் மிகுந்திருந்தது அன்பன்று, கோரிக்கை. அந்தப் பெண் காலையில் கண்விழித்ததும் அவரைத் தேற்ற வேண்டும், தம் மனநிலையை அறிவிக்க வேண்டும், அன்றைய மாலையையும் ஒதுக்கித் தர வேண்டும். (பத்திரமாகப் போனாரா என்பது முந்தைய இரவே கேட்டிருக்க வேண்டிய கேள்வி.)

அவர் கடைசியில் அனுப்பியது இது: “காலை வணக்கம். நேற்று உங்களுடன் பேசியது மிகவும் பிடித்திருந்தது. நீச்சல் வகுப்பின் முதல் நாளில் பயிற்சியாளரின் கையை விடவே மாட்டேன் என்று நீங்கள் அடம்பிடித்த கதையை நினைத்து இப்போதும் சிரிக்கிறேன். உங்களுக்கும் விருப்பமென்றால் அடுத்த வாரம் ஒருநாள் சந்திக்கலாம்.” மகிழ்ச்சியை ஒளிக்காமல் சொல்லியாயிற்று, ஆனால் அதே அளவு மகிழ்ச்சியைத் திருப்பித் தரும்படி கேட்கவில்லை. நீச்சல் கதை இங்கே முக்கியம், ஏனெனில் “அருமையான மாலை” என்பதை எவருக்கும் அனுப்பலாம், இந்த வரியை அவருக்கு மட்டுமே அனுப்ப முடியும். அவரே சிரித்துக்கொண்டு சொன்ன கதை என்பதால்தான் இதைத் தேர்ந்தோம். தயங்கித் தயங்கிப் பகிர்ந்த குடும்பத் துயரத்தைக் காலைச் செய்தியில் மீண்டும் எடுப்பது உரிமை கொண்டாடுவதாகப் படும். முந்தைய நாள் ‘நீங்கள்’ என்று பேசியவர்கள் ஓர் இரவில் ‘நீ’க்குத் தாவுவதும் அப்படியே.

வேண்டுமென்றே மூன்று நாள் காக்க வைக்கும் பழைய தந்திரத்தை நான் பரிந்துரைப்பதில்லை. அந்த மௌனத்தை விருப்பமின்மை என்று எதிர்த்தரப்பு எடுத்துக்கொள்ளக்கூடும். எழுந்து, ஒருமுறை படித்துப் பார்த்து, நேரம் எட்டோ ஒன்பதோ ஆனபின் அனுப்பினால் போதும்.

சிக்கல் பெரும்பாலும் அனுப்பிய பிறகே வருகிறது. நீலக்குறி விழுந்தும் பதில் வராத இரண்டு மணி நேரத்தில் “தவறாக எதுவும் சொல்லிவிட்டேனா?” என்ற இரண்டாவது செய்தி புறப்பட்டால், முதல் செய்தியில் விலக்கிய கோரிக்கை முழுவதும் திரும்பி வந்துவிடும். அன்று அத்துடன் நிறுத்துங்கள். இரண்டு மூன்று நாள் கழித்தும் பதில் இல்லையெனில், விளக்கம் கேட்காத ஒற்றை வரி ஒன்றை அனுப்பலாம். அதற்கும் மௌனமே பதிலானால், அதுவே அவருடைய பதில்.