வாளையார் சுங்கச்சாவடியில் யார் யாருக்குச் சமம்?

எங்கள் ஊர் கொழிஞ்சாம்பாறை. பாலக்காடு மாவட்டம்தான், ஆனால் கடையிலும் வீட்டிலும் தமிழ்தான் பேச்சு. கோயம்புத்தூருக்குப் போக எத்தனையோ வழி இருந்தாலும், கஞ்சிக்கோடு பக்கம் போய்விட்டால் வாளையார் சுங்கச்சாவடியைத் தாண்டித்தான் ஆகவேண்டும். அங்கே வரிசையில் நிற்கும்போதெல்லாம் எனக்கு ஒரே யோசனைதான். முன்னால் நிற்பது பழைய மாருதி, பின்னால் நிற்பது அரைக்கோடி ரூபாய் வண்டி. ஃபாஸ்டேக் இருவரிடமும் ஒரே தொகையைத்தான் எடுக்கிறது. இது நியாயமா?

வரி நியாயத்தைப் பற்றிப் பேசுகிறவர்கள் இரண்டு சொற்களைப் பயன்படுத்துவார்கள். சமமான நிலையில் இருப்பவர்கள் சமமாகக் கட்டுவது கிடைமட்டச் சமநீதி. வேறுபட்ட நிலையில் இருப்பவர்கள் அந்த வேறுபாட்டுக்கு ஏற்பக் கட்டுவது செங்குத்துச் சமநீதி. கேட்க எளிது. சிக்கல் எங்கே என்றால், எதில் சமம், எதில் வேறு என்று முதலில் சொல்லியாக வேண்டும். அதற்குத்தான் இரண்டு அளவுகோல்கள். அரசிடமிருந்து பெறும் பயனுக்கு ஏற்பக் கட்டு என்பது பயன் கொள்கை. உன்னால் தாங்க முடிகிற அளவுக்குக் கட்டு என்பது செலுத்தும் திறன் கொள்கை.

சுங்கக் கட்டணம் பயன் கொள்கையின் பிள்ளை. சாலையை அது பார்க்கிறது, சட்டைப்பையைப் பார்ப்பதில்லை. எனவே அந்த இரண்டு கார்களும் அதற்குச் சமம். அதே கார்கள் கேரளாவில் பதிவாகும்போது கட்டும் ஒருமுறை வரி வேறு மாதிரி. வண்டியின் விலை கூடக் கூட வரி விகிதமும் கூடும். அங்கே அந்த இருவரும் சமமே இல்லை.

கணக்கு எளிதாக இருக்க, போய்வர 100 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். மாதம் 20 நாள் போனால் 2,000 ரூபாய். மாதம் 25,000 சம்பாதிக்கிற வாடகைக் கார் ஓட்டுநருக்கு அது வருமானத்தில் 8 சதவீதம். இரண்டரை லட்சம் சம்பாதிக்கும் மருத்துவருக்கு 0.8 சதவீதம். பயன் அளவுகோலில் நூற்றுக்கு நூறு நியாயமான கட்டணம், திறன் அளவுகோலில் வசதி குறைந்தவரைப் பத்து மடங்கு அழுத்துகிறது.

சரி, பயன் கொள்கையையே முழுதாக ஏற்றுக்கொள்வோம். தன் கணக்கையாவது அது சரியாகப் போடுகிறதா? சாலைக்கு உண்டாகும் சேதம், அச்சு ஒன்றின் மேல் விழும் எடையின் நான்காம் அடுக்குக்கு ஏறத்தாழ இணையாக ஏறும் என்பது 1950களின் கடைசியில் அமெரிக்காவின் இலினாய்ஸில் தனியாகச் சாலை போட்டு, லாரிகளை ஓட்டிப் பார்த்துக் கண்டுகொண்டது. சிறிய காரின் அச்சில் அரை டன், பாரம் ஏற்றிய லாரியின் அச்சில் 10 டன் என்றால், எடை 20 மடங்கு. சேதமோ 20×20×20×20, அதாவது 1,60,000 மடங்கு. ஆனால் தேசிய நெடுஞ்சாலைகளுக்கான 2008 கட்டண விதிகளில் அடிப்படை விகிதம் காருக்குக் கிலோமீட்டருக்கு 65 காசு, லாரிக்கு 2 ரூபாய் 20 காசு. மூன்றரை மடங்குகூட இல்லை.

இதை வைத்து லாரிக்காரரைத் திட்டிவிடக் கூடாது. நான்காம் அடுக்கு ஒரு தோராயம்தான், சாலையின் வகையைப் பொறுத்து அது மாறும். மழையும் சாலையை அரிக்கிறது. நான்கு வழி, ஆறு வழி என்று அகலப்படுத்த வைப்பதில் கார்களுக்குப் பெரிய பங்கு உண்டு. இன்னொன்றும் இருக்கிறது, எனக்கு அதுதான் முக்கியமாகப் படுகிறது. லாரியிடம் முழுச் சேதத்தையும் வாங்கினால் அதை லாரிக்காரர் தன் கையிலிருந்து கட்டமாட்டார். தமிழ்நாட்டிலிருந்து வரும் தக்காளியின் மேலும் வெங்காயத்தின் மேலும் வாடகையாக ஏற்றிவிடுவார். வருமானத்தில் பெரும்பங்கைச் சாப்பாட்டுக்கே செலவழிக்கும் குடும்பத்துக்குத்தான் அது அதிகம் வலிக்கும். யார் கட்டுகிறார் என்பதும் யார் சுமக்கிறார் என்பதும் ஒன்றல்ல.

திறன் கொள்கையின் பக்கமும் ஓட்டை உண்டு. ஒருமுறை வரி அளப்பது வண்டியின் விலையை, வருமானத்தை அல்ல. ஏழு பேர் இருக்கும் வீட்டில் கடன் வாங்கிப் பெரிய வண்டி எடுத்தவரும் வசதிக்காரராகவே கணக்கில் வருவார். அப்புறம், உண்மையில் வசதி உள்ளவர் விகிதம் குறைந்த ஊருக்குப் போய்ப் பதிவு செய்துவிட முடியும். 2017-இல் கேரளாவில் பெரிதாக வெடித்த புதுச்சேரிப் பதிவு விவகாரம் அதுதான். போலி முகவரி காட்டி விலையுயர்ந்த கார்களை அங்கே பதிவு செய்து, ஓட்டியதெல்லாம் கேரளச் சாலைகளில். ஒரே விலை, ஒரே சாலை, பக்கத்துப் பக்கத்து வீடு. ஒருவர் லட்சக்கணக்கில் கட்டினார், இன்னொருவர் அதில் சிறு பகுதிகூடக் கட்டவில்லை. செங்குத்துச் சமநீதிக்காக விகிதத்தை உயர்த்திய இடத்தில், தப்பிக்க வழி தெரிந்தவர்களால் கிடைமட்டச் சமநீதி உடைந்துபோனது.