எண்ணெய் மட்டும் ஏன் மலத்தோடு வெளியேறுகிறது?

மலத்தில் எண்ணெய் போவதை யாரும் தாமாக வந்து சொல்வதில்லை. கூச்சம். அதனால் எடை குறைகிறது, சாப்பிட்டது உடம்பில் ஒட்டவில்லை என்று வருபவர்களிடம் நான்தான் கேட்பேன். மலம் கழிவறைக் கோப்பையில் பிசுபிசுவென்று ஒட்டிக்கொள்கிறதா? இரண்டு மூன்று தடவை தண்ணீர் ஊற்றினாலும் போவதில்லையா? தண்ணீரின் மேல் எண்ணெய்ச் சொட்டுகள் தெரிகின்றனவா? மலம் மிதப்பதை மட்டும் வைத்துப் பயப்பட வேண்டாம். வாயு அதிகமாக இருந்தாலும் மிதக்கும். எண்ணெய் கண்ணுக்குத் தெரிந்தால் கணையத்தைப் பற்றி யோசிக்க வேண்டும்.

முப்பதுகளில் இருந்த ஒருவர் அப்படித்தான் வந்தார். பல வருடங்களாக அவ்வப்போது மேல்வயிற்று வலி, பிறகு சர்க்கரை நோய், கடைசியாக இந்த எண்ணெய் மலம். மூன்று வேளையும் நன்றாகச் சாப்பிட்டும் எடை இறங்கிக்கொண்டே போனது. "செரிமானம் சரியில்லைன்னு மருந்துக் கடையில சிரப் வாங்கிக் குடிச்சேன் டாக்டர், ஒண்ணும் கேக்கல" என்றார். அந்த சிரப் ஏன் கேட்கவில்லை என்று புரிய, அவர் காலையில் சாப்பிட்ட இரண்டு தோசை, ஒரு ஆம்லெட், தாராளமாக ஊற்றிய நல்லெண்ணெய் இவற்றோடு கொஞ்சதூரம் போக வேண்டும்.

தோசையின் மாவுச்சத்தை முதலில் தொடுவது உமிழ்நீரில் உள்ள அமைலேஸ் என்ற நொதி. வாயில் உணவு இருப்பது சில நொடிகள்தான் என்றாலும் அதன் வேலை அங்கேயே முடிவதில்லை. விழுங்கிய கவளத்தின் உட்பகுதிக்கு இரைப்பையின் அமிலம் போய்ச் சேரச் சிறிது நேரம் ஆகும். அதுவரை உள்ளே அமைலேஸ் வேலை செய்துகொண்டே இருக்கும். அமிலம் கலந்ததும் நின்றுவிடும்.

ஆம்லெட்டின் புரதத்துக்கு இரைப்பைதான் முதல் இடம். அங்கே பெப்சினோஜன் என்ற செயலற்ற வடிவத்தில் சுரப்பது, அமிலம் பட்டதும் பெப்சினாக மாறி, புரதத்தைப் பெரிய துண்டுகளாக வெட்டுகிறது. பெப்சினுக்கு pH 2 போன்ற கடும் புளிப்பு வேண்டும். ஆனால் புரதச் செரிமானத்தில் அதன் பங்கு சிறியதுதான். அறுவை சிகிச்சையில் இரைப்பையையே எடுத்தவர்களும் புரதத்தைச் செரிக்கிறார்கள். நல்லெண்ணெய்க்கும் இரைப்பையில் நடப்பது குறைவுதான். அங்கே சுரக்கும் லைபேஸ் ஒரு சிறு பகுதியை மட்டும் உடைக்கும், மற்றதெல்லாம் அப்படியே கீழே இறங்கும்.

முக்கியமான வேலை நடப்பது இரைப்பையை ஒட்டியுள்ள முன்சிறுகுடலில். அமிலக் கூழ் அங்கே வந்ததும் கணையம் பைகார்பனேட் நிறைந்த நீரை ஊற்றி அமிலத்தைத் தணிக்கிறது. நாளொன்றுக்குச் சுமார் ஒன்றரை லிட்டர் கணைய நீர் சுரக்கிறது. கூடவே மூன்று வகை நொதிகளும் வருகின்றன. அமைலேஸ் மிச்சமிருக்கும் மாவுச்சத்தை உடைக்கிறது. ட்ரிப்சினும் அதன் கூட்டாளிகளும் புரதத்தைச் சிறு துண்டுகளாக்குகின்றன. ட்ரிப்சின் கணையத்துக்குள்ளேயே விழித்துக்கொண்டால் கணையத்தையே அரித்துவிடும். அதனால் செயலற்ற நிலையில் வந்து, குடல் சுவரில் உள்ள என்டரோகைனேஸ் பட்ட பிறகுதான் வேலையைத் தொடங்கும்.

கொழுப்புக்கு மட்டும் ஒரு துணை வேண்டும். நல்லெண்ணெய் தண்ணீரில் கரையாது. பித்தநீர் அதை நுண்ணிய துளிகளாகச் சிதறடித்த பிறகு, கணைய லைபேஸ் அந்தத் துளிகளின் மேற்பரப்பில் உட்கார்ந்து கொழுப்பு அமிலங்களாகவும் மோனோகிளிசரைடாகவும் பிரிக்கிறது. மாவுச்சத்தும் புரதமும் கடைசிக் கட்டமாகக் குடல் சுவரின் நொதிகளால் குளுக்கோஸாகவும் அமினோ அமிலங்களாகவும் முடிக்கப்படுகின்றன. கொழுப்புக்கு அப்படி ஒரு கடைசிக் கை இல்லை.

கணையம் கெட்டால் எண்ணெய் முதலில் வெளியே வருவது இதனால்தான். மாவுச்சத்துக்கு உமிழ்நீரும் குடல் சுவரும் ஓரளவு ஈடுகொடுக்கின்றன. புரதத்துக்குப் பெப்சினும் குடல் சுவரும் இருக்கின்றன. கொழுப்பு ஏறக்குறைய கணைய லைபேஸை மட்டுமே நம்பியிருக்கிறது. அந்த லைபேஸும் மூன்றில் மென்மையானது. கணைய நோயில் பைகார்பனேட் குறையும்போது குடலின் புளிப்பு கூடுகிறது, pH 4க்குக் கீழே போனால் லைபேஸ் நிரந்தரமாகச் செயலிழந்துவிடுகிறது. செரிக்காத மாவுச்சத்து பெருங்குடலுக்குப் போனாலும் அங்குள்ள பாக்டீரியாக்கள் அதைப் புளிக்கவைத்து வாயுவாக்கிவிடும், கண்ணில் படாது. கொழுப்பை அவற்றால் அப்படிக் கரைக்க முடியாது.

இதில் ஏமாற்றும் விஷயம் ஒன்று உண்டு. லைபேஸ் சுரப்பு சாதாரண அளவில் பத்தில் ஒரு பங்குக்கும் கீழே இறங்கிய பிறகுதான் எண்ணெய் மலம் தெரியும். அதாவது அறிகுறி வரும்போது கணையம் பெரும்பாலும் போய்விட்டிருக்கும்.

அவருக்கு ஸ்கேனில் கணையக் குழாய்க்குள் சுண்ணாம்புக் கற்கள் தெரிந்தன. மதுப் பழக்கமே இல்லாதவர்களுக்கும் இளம் வயதில் வரும் இந்தக் கல் கணைய நோயைக் கேரளத்திலும் தமிழ்நாட்டிலும் மருத்துவர்கள் நீண்ட காலமாகப் பார்த்து வருகிறார்கள். மலத்தில் எலாஸ்டேஸ் என்ற கணைய நொதியை அளந்தோம். கிராமுக்கு 200 மைக்ரோகிராமுக்கு மேல் இருக்க வேண்டியது, அவருக்கு 100க்கும் கீழே இருந்தது. தண்ணீராகப் போகும் மலத்தில் இந்த அளவு பொய்யாகவே குறைந்து காட்டும். கொஞ்சமாவது கெட்டியான மாதிரியைத்தான் கொடுக்க வேண்டும்.

இனி அந்த சிரப். அவர் கொண்டுவந்த பாட்டிலைத் திருப்பிப் பார்த்தால் டயஸ்டேஸ், பெப்சின் என்று இருந்தது. கடைகளில் விற்கும் பல செரிமான சிரப்களின் சேர்க்கை இதுதான். ஒன்று மாவுச்சத்துக்கு, மற்றொன்று புரதத்துக்கு. அவருக்கு இல்லாதது லைபேஸ்.

தேவை கணைய நொதி கேப்சூல். பன்றியின் கணையத்திலிருந்து எடுக்கப்படுவது இது. உணவு நம்பிக்கை உள்ளவர்களிடம் அதை முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும். 25,000 லைபேஸ் யூனிட் கேப்சூல் முக்கிய வேளைக்கு இரண்டு, சிற்றுண்டிக்கு ஒன்று என்று எழுதிக் கொடுத்தேன். ஒரு மாதம் கழித்து வந்தார், பெரிய மாற்றமில்லை. எப்படிச் சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டதும் விஷயம் புரிந்தது. "கேஸ் மாத்திரையோட சேத்து, சாப்பிடறதுக்கு அரை மணி நேரம் முன்னாடி போட்டுக்குறேன்." கேஸ் மாத்திரைக்கு அது சரியான நேரம்தான். நொதி உணவோடு ஒன்றாகப் பயணம் செய்ய வேண்டும். முன்னால் போனால் தோசை வருவதற்குள் அது கடந்து போய்விடும். முதல் வாயோடு ஒன்று, பாதிச் சாப்பாட்டில் ஒன்று என்று மாற்றச் சொன்னேன். கேப்சூலுக்குள் இருக்கும் சிறு மணிகளின் பூச்சு அமிலத்தில் கரையாமல் முன்சிறுகுடலில்தான் கரையும். மென்றுவிட்டால் பூச்சு உடைந்து லைபேஸ் இரைப்பையிலேயே வீணாகும், வாயும் புண்ணாகும்.

அவர் வீட்டில் எண்ணெயையே நிறுத்தியிருந்தார்கள். ஏற்கெனவே மெலிந்தவருக்கு அது இன்னும் எடையைக் குறைக்கும். நொதியைச் சரியாக எடுத்தால் வழக்கமான எண்ணெய் அளவே போதும் என்றேன். கொழுப்போடு சேர்ந்து வீணாகும் ஏ, டி, ஈ, கே வைட்டமின்களையும் கவனிக்க வேண்டும். அவருக்கு வைட்டமின் டி மிகக் குறைவாக இருந்தது.

எண்ணெய் மலம் எல்லாமே கணைய நோய் அல்ல. மலம் வெளிறிக் கண் மஞ்சளானால் பித்தநீர்ப் பாதை அடைத்திருக்கலாம். குடல் சுவரே பழுதாகும் நோய்களிலும் வரும். ஐம்பது வயதைத் தாண்டியவருக்கு எடைக் குறைவோடு புதிதாகச் சர்க்கரையும் வந்திருந்தால், நொதி எழுதிக் கொடுப்பதோடு நிற்காமல் கணையப் புற்றுநோய்க்காக உடனே ஸ்கேன் செய்ய வேண்டும்.

நேரத்தை மாற்றிய சில வாரங்களில் எண்ணெய் நின்றது, எடையும் கூடத் தொடங்கியது. கூடவே சர்க்கரையும் ஏறியது. சாப்பிட்டது இப்போது உள்ளே சேர்கிறது அல்லவா? இன்சுலினைக் கூட்ட வேண்டியிருந்தது. நொதி கேப்சூல் தொடங்கும் சர்க்கரை நோயாளிகள் முதல் சில வாரங்களில் ரத்தச் சர்க்கரையை வழக்கத்தைவிட அடிக்கடி பார்த்துக்கொள்ளுங்கள்.