இன்றைய சொல்: நிழல்

வெளிநாட்டில் வளரும் சின்னப் பிள்ளைகளுக்கு வார இறுதியில் தமிழ் சொல்லிக்கொடுக்கிறேன். தினம் ஒரு சொல் என்று வீட்டுக்கு அனுப்பும்போது அதோடு மூன்று விஷயங்கள் சேர்ந்து போகும்: பொருள், ஒரு எடுத்துக்காட்டு வாக்கியம், மனதில் நிற்க ஒரு குறிப்பு. மூன்றும் சரியாக எழுதப்பட்டிருந்தும் சொல் பிள்ளையின் வாய்க்கு வராமல் போவதை அடிக்கடி பார்க்கிறேன். எங்கே தடுக்குகிறது என்பதை 'நிழல்' என்ற ஒரே சொல்லை வைத்துப் பார்க்கலாம்.

முதலில் பொருள். என் வகுப்பில் ஏழு வயதுச் சிறுமி ஒருத்தி, 'நிழல்' என்றால் என்ன என்று கேட்டால் உடனே 'ஷேடோ' என்று சொல்லிவிடுவாள். ஒருநாள் வெளியே விளையாடும்போது வெயில் ஏறிவிட்டது. மரத்தடியில் நின்றுகொண்டு, "நிழலுக்கு வாம்மா" என்று கூப்பிட்டேன். அவள் தரையைப் பார்த்தாள். தன் நிழலைத் தேடி அதன்மேல் போய் நிற்கப் பார்த்தாள். அவளுக்குச் சொல் மறக்கவில்லை. அவளிடம் இருந்தது பாதிப் பொருள்தான்.

ஆங்கிலத்தில் தரையில் விழும் உருவத்துக்கு ஷேடோ என்றும், வெயிலுக்கு ஒதுங்கும் இடத்துக்கு ஷேட் என்றும் இரண்டு சொற்கள் இருக்கின்றன. தமிழில் இரண்டுக்கும் நிழல் ஒன்றுதான். அதனால் ஆங்கிலம் பேசும் பிள்ளைக்குப் பொருள் எழுதும்போது இரண்டையும் கொடுத்தாக வேண்டும். பிரெஞ்சு பேசும் நாட்டில் வளரும் பிள்ளைக்கு இந்தச் சிக்கலே வராது. அங்கே 'ஓம்ப்ர்' என்ற ஒரு சொல் இரண்டையும் குறிக்கும். ஜெர்மன் மொழியின் 'ஷாட்டன்' என்ற சொல்லும் அப்படித்தான். ஒரே குறிப்பை எல்லா நாட்டுப் பிள்ளைகளுக்கும் அனுப்புகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும். பிள்ளையின் பள்ளி மொழி எது என்பதைப் பொறுத்து, பொருள் எழுதும் விதமும் மாறும்.

நான் இப்போது பொருளை இப்படிச் சொல்கிறேன்: வெளிச்சத்தை ஏதாவது மறைத்தால் அதற்குப் பின்னால் வரும் இருட்டு. இதைச் சொல்லிவிட்டு ஒரு மரத்தையோ சுவரையோ காட்டினால் போதும், உருவமும் ஒதுங்குமிடமும் ஒரே விஷயம்தான் என்று பிள்ளைக்குக் கண்ணாலேயே தெரிந்துவிடும்.

அடுத்தது எடுத்துக்காட்டு வாக்கியம். பெரும்பாலும் தடுக்குவது இங்கேதான். "மரத்தின் நிழலில் மக்கள் இளைப்பாறுகின்றனர்" என்று எழுதினால் இலக்கணம் சரி, அழகும் இருக்கிறது. ஆனால் பிள்ளைக்கு 'இளைப்பாறு' தெரியாது, 'கின்றனர்' என்று வீட்டில் யாரும் பேசிக் கேட்டதில்லை, 'மரத்தின்' என்பதற்குள் 'மரம்' இருப்பதும் தெரியாது. ஒரு புதுச் சொல்லைக் காட்டப் போன வாக்கியத்தில் நான்கு புதுச் சொற்கள் வந்து நிற்கின்றன. இன்றைய சொல்லைத் தவிர வாக்கியத்தில் இருக்கும் மற்றவை எல்லாம் பிள்ளைக்கு ஏற்கெனவே தெரிந்தவையாக இருக்க வேண்டும். இந்த ஒன்றில் மட்டும் நான் விட்டுக்கொடுப்பதில்லை.

"வெயில் சுடுது, நிழலுக்கு வா" என்ற வாக்கியம் அப்படிப்பட்டது. 'வெயில்', 'சுடுது', 'வா' மூன்றும் வீட்டில் புழங்கும் சொற்கள். அம்மாவோ அப்பாவோ இதை உண்மையாகவே சொல்லும் சமயம் வரும். பிள்ளை பதில் சொல்லத் தேவையில்லை, நடந்து வந்தால் போதும். இது பெரியவர் சொல்லும் வாக்கியம். பிள்ளை தானே சொல்ல இன்னொன்று வேண்டும்: "என் நிழல் பெரிசா இருக்கு." இரண்டையும் சேர்த்துக் கொடுத்தால் பொருளின் இரண்டு பக்கமும் வந்துவிடுகிறது.

எழுத்தில் 'நிழல்' என்று இருப்பது வீட்டில் அப்படியே காதில் விழுவதில்லை. பல வட்டாரங்களில் பாட்டியும் தாத்தாவும் 'நெழலு' என்றுதான் சொல்வார்கள். முதல் எழுத்தில் இ வந்து, அதையடுத்து வரும் எழுத்தில் அ அல்லது ஐ இருந்தால், பேச்சில் அந்த இ பெரும்பாலும் எ ஆகிவிடும். 'இலை' 'எலை' ஆகிறது, 'இடம்' 'எடம்' ஆகிறது. உகரமும் இதே மாதிரி ஒகரமாகிறது, 'குடை' 'கொடை' என்று கேட்கும். கடைசியில் ல் வந்தால் பேச்சில் ஒரு உகரம் ஒட்டிக்கொள்கிறது. நமக்கு இது மாற்றமாகவே தெரிவதில்லை. பிள்ளையோ 'நிழல்' ஒரு சொல், பாட்டி சொல்லும் 'நெழலு' வேறொரு சொல் என்று நினைத்துக்கொள்கிறது. அதனால் முதல் நாளே இரண்டையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள்: "புத்தகத்துல நிழல், பாட்டி பேசும்போது நெழலு, ரெண்டும் ஒண்ணுதான்." பாட்டி சொல்வது தப்பு என்று மட்டும் சொல்லிவிடாதீர்கள். பிள்ளைக்குத் தமிழ் கேட்கக் கிடைப்பதே அவர் வாயிலிருந்துதான்.

சரி, நினைவுக் குறிப்புக்கு வருவோம். அந்நியச் சொல்லைப் போல ஒலிக்கும் தெரிந்த சொல் ஒன்றைப் பிடித்து, அதை வைத்து ஒரு காட்சியைக் கற்பனை செய்துகொள்வது பழகிய முறை. அமெரிக்காவில் அட்கின்சன், ரா என்ற இரண்டு ஆய்வாளர்கள் 1975-ல் இதை ரஷ்யச் சொற்களை வைத்துச் சோதித்து எழுதினார்கள். கல்லூரி மாணவர்கள் 120 ரஷ்யச் சொற்களை இந்த முறையில் படித்தார்கள். சோதனையில் அவர்கள் 72 சதவீதச் சொற்களுக்குப் பொருள் சொன்னார்கள். இந்த முறை இல்லாமல் படித்தவர்களால் 46 சதவீதம்தான் முடிந்தது. பெரிய வித்தியாசம்தான். ஆனால் அங்கே கேட்டது என்ன என்று பார்க்க வேண்டும். ரஷ்யச் சொல்லைக் கேட்டு ஆங்கிலப் பொருளைச் சொல்ல வேண்டும், அவ்வளவுதான். ரஷ்யச் சொல்லைத் தானாக எடுத்துப் பேச வேண்டியிருக்கவில்லை.

இதையே நிழலுக்குச் செய்து பார்ப்போம். ஆங்கிலத்தில் மண்டியிடுவதற்கு 'நீல்' என்பார்கள். ஒரு பையன் மர நிழலில் மண்டியிட்டிருப்பதாகப் படம் வரைந்து கொடுக்கலாம். மறுநாள் 'நிழல்' என்று நாம் சொன்னால் பிள்ளைக்குப் பொருள் நினைவுக்கு வந்துவிடும். ஆனால் படத்தைக் காட்டி, தமிழில் இது என்ன என்று கேட்டால் 'நீல்' என்று பதில் வரும். குறில் நெடிலாகிவிட்டது, ழகரம் காணாமல் போய்விட்டது. போதாததற்கு நீலம் என்ற நிறத்தோடும் குழப்பிக்கொள்ளும். புரிந்துகொள்வது மட்டும் போதும் என்றால் ஒலிக் குறிப்பு உதவும். பேச வைக்க வேண்டும் என்றால், அதிலும் ஆங்கிலத்தில் இல்லாத ஒலி இருக்கும் சொல் என்றால், நான் அதைத் தொடுவதில்லை.

நான் கொடுக்கும் குறிப்பு ஒரு விளையாட்டு. வெயிலுக்கு முதுகைக் காட்டி நிற்கச் சொல்லி, "உன் நிழலோட தலையை மிதி பார்க்கலாம்" என்பேன். பிள்ளை குதிக்கும், நிழலும் முன்னால் நகரும். "நிழல் ஓடுது, நிழல் ஓடுது" என்று நாம் சொல்லச் சொல்ல, அதுவும் கூடவே கத்தும். கால், கண், வாய் மூன்றும் ஒரே சொல்லில் வேலை செய்கின்றன. குளிர்நாடுகளில் குளிர்காலச் சூரியன் நண்பகலில்கூடத் தாழ்வாகவே இருக்கும் என்பதால், வெயில் வந்துவிட்டால் நிழல் நன்றாக நீளமாக விழும். மேகமூட்டமான நாளில் அறையை இருட்டாக்கி, டார்ச் விளக்கைப் பிள்ளையின் முதுகுப்பக்கம் பிடித்தால் சுவரில் நிழல் விழும். விளக்குப் பக்கம் நகர்ந்தால் நிழல் பெரிதாகும், சுவர்ப் பக்கம் போனால் சின்னதாகும். "என் நிழல் பெரிசா இருக்கு" என்ற வாக்கியம் அங்கே தானாகவே வந்துவிடும்.

ழகரத்துக்கும் இதே விளையாட்டிலிருந்து ஒரு பிடி எடுத்துக்கொள்ளலாம். 'நி' சொல்லும்போது நாக்கு நுனி மேல்பற்களை ஒட்டித் தொடுகிறது. 'ழ' சொல்லும்போது நுனி பின்னால் மடிகிறது, ஆனால் மேலே ஒட்டுவதில்லை. 'ல்' வரும்போது திரும்பவும் பற்களுக்குப் பின்னால் ஒட்டுகிறது. "நிழலைப் பிடிக்க முடியுமா? முடியாது. அதனால நடுவுல நாக்கும் எதையும் பிடிக்காது" என்று சொன்னால் பிள்ளைகள் உடனே செய்து பார்க்கிறார்கள். நாக்கு ஒட்டிவிட்டால் 'நிளல்' என்று கேட்கும். அமெரிக்க ஆங்கிலம் பேசும் பிள்ளைக்கு இன்னொரு வழி உண்டு. அவர்களுடைய ஆர் ஒலி ழகரத்துக்குப் பக்கத்தில் இருக்கும். அந்த ஆரைச் சொல்லச் சொல்லி, நாக்கை இன்னும் கொஞ்சம் பின்னால் மடிக்கச் சொன்னால் பெரும்பாலும் கிட்டே வந்துவிடுகிறது. தமிழ் பேசும் பெரியவர்களிலேயே பலர் ழகரத்தை ளகரமாகத்தான் சொல்கிறார்கள். அதனால் பிள்ளை 'நிளல்' என்றாலும் பேச்சை நிறுத்தித் திருத்த வேண்டாம். நாம் பதிலில் 'நிழல்' என்று தெளிவாகச் சொன்னால் போதும்.

சொல்லை ஆங்கில எழுத்தில் எழுதி அனுப்பும் பழக்கம்தான் இதையெல்லாம் கெடுக்கிறது. ழகரத்துக்காக நாம் இசட், எச் என்ற இரண்டு எழுத்துகளைப் போடுகிறோம். அது நமக்குள் இருக்கும் ஏற்பாடு, பிள்ளைக்குத் தெரியாது. பள்ளியில் கற்ற முறைப்படி 'நிஸல்' என்றோ 'நிஜல்' என்றோ வாசிக்கும். ஒருமுறை அப்படிப் பதிந்துவிட்டால் மாற்றுவது சிரமம். தமிழ் எழுத்து வாசிக்கத் தெரியாத பிள்ளைக்கு எழுத்தே வேண்டாம். உங்கள் குரலில் பதிவு செய்து, ஒரு படத்தோடு அனுப்புங்கள்.

பிள்ளைக்குச் சொல் வந்துவிட்டதா என்று பார்க்க, "நிழல்னா என்ன?" என்று கேட்க வேண்டாம். அந்தக் கேள்வி மொழிபெயர்ப்பைத்தான் சோதிக்கிறது. மறுநாள் வெளியே போகும்போது கையை நீட்டிக் காட்டாமல், கண்ணாலும் சாடை காட்டாமல், "நிழல்ல நில்லு" என்று மட்டும் சொல்லுங்கள். சரியான இடத்தில் போய் நின்றால் கேட்டுப் புரிந்துகொள்கிறது என்று வைத்துக்கொள்ளலாம். 'நிழல்' தெரிந்தும் 'நிழல்ல', 'நிழலுக்கு' என்றால் விழிக்கிற பிள்ளைகள் உண்டு. அவர்களுக்குச் சொல்லைத் திரும்பச் சொல்லிக்கொடுப்பதால் பயனில்லை, அந்த வடிவங்களோடு இன்னும் சில வாக்கியங்கள் காதில் விழ வேண்டும். மூன்று நாள் கழித்துச் சுவரில் விழுந்த நிழலைக் காட்டி, "அது என்ன?" என்று தமிழில் கேளுங்கள். பதில் ஆங்கிலத்தில் வந்தால் கோபிக்க வேண்டாம், விளையாட்டை மறுபடி ஆடுங்கள். ஒரு வாரம் கழித்து ஒருமுறை கேட்டு, அப்போதும் வந்தால் அந்தச் சொல்லை விட்டுவிடலாம்.

இப்படிப் பார்த்தால் தினம் ஒரு புதுச் சொல் என்பது சின்னப் பிள்ளைக்கு வேகம் அதிகம். ஒரு சொல்லை மூன்று நான்கு நாள் வைத்திருப்பதே எனக்குச் சரியாகப் படுகிறது. 'நிழற்படம்', 'நிழற்குடை' என்று ல் ற் ஆகி வரும் சொற்களை இதோடு சேர்த்துவிட ஆசை வரும், ஆனால் அது எழுத்து நன்றாக வாசிக்கும் வயதில்தான் பயன்படும். அடுத்த சொல்லாக 'வெயில்' எடுத்துக்கொள்ளுங்கள். "வெயில் சுடுது, நிழலுக்கு வா" என்ற வாக்கியத்தில் பிள்ளை கேட்டுப் பழகியதுதான் அது, இனி தானே சொல்லட்டும். விளையாட்டையும் மாற்ற வேண்டியதில்லை.