சொல் விளக்கம்: அசெர்ஷன் – கணக்கின் கூற்று

தணிக்கை படிக்கத் தொடங்குபவர் முதல் மாதத்திலேயே முட்டிக்கொள்ளும் சொல் ‘அசெர்ஷன்’. இதன் வேர் லத்தீன் மொழியின் ‘அசெரெரே’. தன்னோடு சேர்த்துக்கொள்வது, உரிமை கோருவது என்று பொருள். பழைய ரோமில் ஒருவர் அடிமையா சுதந்திரரா என்று வழக்கு எழுந்தால், அவர் மீது கை வைத்து நீதிபதி முன் உரிமை கோருவதை இந்தச் சொல்லால்தான் குறித்தார்கள். கோருவது ஒருவர், விசாரித்துத் தீர்ப்பது இன்னொருவர். தணிக்கையிலும் வேலை அப்படியே பிரிகிறது. கூற்று நிர்வாகத்தினுடையது. தணிக்கையாளர் அதைச் சோதிப்பவர் மட்டுமே.

தமிழில் இதை ‘உறுதிமொழி’ என்று எழுதிவிடுகிறார்கள். அது சத்தியப் பிரமாணத்துக்கு உரிய சொல். ‘உறுதிக்கூற்று’ தேவலாம். ஆனால் தணிக்கையாளர் தருவது உறுதிப்பாடு, கடனாளியிடம் கடிதம் அனுப்பிக் கேட்பது உறுதிப்படுத்தல் என்று ஏற்கெனவே இரண்டு ‘உறுதி’கள் இருக்கின்றன. மூன்றாவதும் சேர்ந்தால் மாணவர் குழம்பிப்போவார். தேர்வுத்தாள்களில் ‘கூற்று – காரணம்’ என்று கேட்கிறார்களே, அந்தக் ‘கூற்று’ போதும். எமனுக்கும் அதே பெயர் உண்டு என்பதை இங்கே மறந்துவிடலாம்.

நிர்வாகம் இந்தக் கூற்றுகளை ஒவ்வொன்றாக எழுதித் தருவதில்லை. ‘விற்பனை 90 லட்சம்’ என்று அறிக்கையில் ஒரு வரி இருந்தால், அந்த வரியே பல கூற்றுகளைச் சொல்லாமல் சொல்லிவிடுகிறது. இந்த விற்பனை நடந்தது, நம்முடையது, எதுவும் விடுபடவில்லை, தொகை சரி, இந்த ஆண்டுக்கு உரியது, சரியான தலைப்பில் இருக்கிறது. சர்வதேசத் தணிக்கைத் தரம் 315, பரிவர்த்தனைகளுக்கு ஆறு, ஆண்டிறுதியில் கணக்கில் நிற்கும் நிலுவைகளுக்கு ஆறு என்று இவற்றைப் பிரித்துப் பெயரிட்டிருக்கிறது.

பரிவர்த்தனைகளுக்கு உரியவற்றை ஒரே விலைப்பட்டியலை வைத்துப் பார்ப்போம். தண்ணீர் பம்பு விற்கும் ஒரு நிறுவனம். விற்பனை ஏட்டில் கணக்காண்டின் கடைசி நாளில் விலைப்பட்டியல் எண் 417 பதிவாகியிருக்கிறது. 20 பம்புகள், ஒன்று 6,000 வீதம், மொத்தம் 1,20,000.

முதல் கூற்று நிகழ்ந்தமை: பதிவான விற்பனை உண்மையிலேயே நடந்தது. சோதிக்க, ஏட்டிலிருந்து ஆவணத்துக்குப் போக வேண்டும். 417-ஐ எடுத்து, வாடிக்கையாளர் கையெழுத்திட்ட சரக்கு ஒப்படைப்புச் சீட்டைத் தேடினால் 231-ஆம் எண் சீட்டு கிடைக்கிறது. விற்பனை கற்பனை இல்லை.

இரண்டாவது முழுமை: நடந்த எதுவும் விடுபடவில்லை. தொடக்கநிலை மாணவர் பெரும்பாலும் வழுக்கும் இடம் இது. ஏட்டைக் கையில் வைத்துக்கொண்டு எத்தனை நாள் உட்கார்ந்தாலும், ஏட்டில் ஏறாத விற்பனை தென்படாது. எனவே திசையைத் திருப்ப வேண்டும். வரிசை எண்ணிட்ட ஒப்படைப்புச் சீட்டுகளிலிருந்து சிலவற்றை எடுத்து, ஒவ்வொன்றுக்கும் விலைப்பட்டியல் போட்டு ஏட்டில் பதிந்திருக்கிறார்களா என்று தேடுவதே சோதனை. வரிசையில் ஓர் எண் காணாமல் போனால் அங்கே நின்று கேட்க வேண்டும். இரண்டு சோதனைகளும் அதே இரண்டு ஆவணங்களைத்தான் ஒப்பிடுகின்றன. எங்கிருந்து தொடங்குகிறோம் என்பதைப் பொறுத்தே எந்தக் கூற்று சோதிக்கப்படுகிறது என்பது அமைகிறது.

துல்லியம் எளியது: 20-ஐ 6,000-ஆல் பெருக்கிப் பார்த்து, விலையை ஒப்புக்கொண்ட ஆர்டரோடு ஒப்பிட்டால் முடிந்தது. 417 இதிலும் தேறிவிட்டது.

காலப் பிரிப்பில்தான் அகப்படுகிறது. ஆண்டிறுதிக்கு முந்தைய கடைசி ஐந்து ஒப்படைப்புச் சீட்டுகளையும், பிந்தைய முதல் ஐந்தையும் எடுத்து, ஒவ்வொன்றும் எந்த ஆண்டில் பதிவானது என்று பார்ப்பது வழக்கமான சோதனை. சீட்டு 231-இன் தேதி புதிய கணக்காண்டின் இரண்டாம் நாள். பம்புகள் கிடங்கை விட்டுக் கிளம்பியதே அன்றுதான். நடந்த விற்பனைதான், தொகையும் சரிதான், ஆனால் ஆண்டு தவறு. இதோடு நிற்காது. ஆண்டிறுதியில் சரக்கை எண்ணியபோது அந்த 20 பம்புகளும் கிடங்கில் இருந்ததால் கையிருப்பிலும் சேர்ந்திருக்கும். ஒரே பம்பு விற்பனையிலும் இருக்கிறது, கையிருப்பிலும் இருக்கிறது. லாபம் முழு 1,20,000 கூடிவிடுகிறது. கையிருப்பிலிருந்து கழித்திருந்தால், பம்பின் அடக்கவிலை 4,000 என்று கொண்டால், மிகை 40,000-ஓடு நின்றிருக்கும்.

வகைப்படுத்தலுக்கு, விற்பனைக் கணக்கில் வழக்கத்துக்கு மாறான பெரிய தொகைகளைத் தேடி ஆதாரத்தைப் பார்ப்பார்கள். பழைய வேனை விற்ற பணம் பம்பு விற்பனையோடு கலந்து கிடப்பது உண்டு. காட்டுமுறைக்கு, விற்பனை பற்றிய குறிப்புகளைக் கணக்கியல் தரநிலை கேட்கும் பட்டியலோடு வைத்து, வாசிப்பவருக்குப் புரியும்படி இருக்கின்றனவா என்று படிப்பார்கள்.

இனி நிலுவைகள். இங்கே நிகழ்ந்தமையின் இடத்தில் வருவதைப் பலரும் ‘இருப்பு’ என்கிறார்கள். கணக்கில் நிற்கும் தொகையும் இருப்பு, கிடங்குச் சரக்கும் இருப்பு என்கிறபோது ‘இருப்பின் இருப்பு’ என்று எழுத வேண்டிவரும்! ‘உள்ளமை’ நல்ல சொல். முழுமை, நிகழ்ந்தமை ஆகியவற்றோடு ஓசையிலும் சேர்கிறது. சோதனை: கடனாளிக்கு நேரடியாகக் கடிதம் எழுதி, இவ்வளவு பாக்கி உண்டா என்று கேட்பது. பதில் தணிக்கையாளருக்கே வர வேண்டும், நிறுவனத்தின் வழியாக அல்ல.

ஆனால் ‘ஆம், தர வேண்டியிருக்கிறது’ என்று வந்த பதிலை வைத்துக்கொண்டு பணம் வந்துவிடும் என்று முடிவுகட்டக் கூடாது. நொடித்துப்போன கடனாளிகூடக் கடனை ஒப்புக்கொள்வார். வசூலாகுமா என்பது மதிப்பீடு என்னும் வேறு கூற்று. அதற்கு ஆண்டு முடிந்தபின் அந்தப் பாக்கிக்குப் பணம் வந்ததா என்று வங்கி அறிக்கையில் பார்ப்பார்கள்.

நிலுவைகளின் முழுமையில் ஆபத்து பெரும்பாலும் கடன்கள் பக்கம். சொத்தைக் கூட்டிச் சொல்லவும் கடனைக் குறைத்துச் சொல்லவும்தான் நிர்வாகத்துக்கு மனம் வரும். ஆண்டிறுதிக்குப் பின் கொடுத்த பெரிய தொகைகளை எடுத்து, அவை முந்தைய ஆண்டில் வாங்கிய பொருளுக்கா என்று பார்த்து, அப்படியானால் அன்றைய கடன் பட்டியலில் பெயர் இருக்கிறதா என்று தேடுவது சோதனை.

உரிமையும் கடப்பாடும்: கிடங்கில் பொருள் இருப்பதால் மட்டும் அது நம்முடையதாகிவிடாது, விற்றுத்தரச் சொல்லி வேறொருவர் வைத்துவிட்டுப்போனதாகவும் இருக்கலாம். எண்ணிய பொருள்களில் சிலவற்றுக்குக் கொள்முதல் பட்டியல் நிறுவனத்தின் பெயரில் உள்ளதா என்று பார்த்தால் தெரிந்துவிடும்.

மிச்சம் இரண்டும் பெயரளவில் பழையவையே. வகைப்படுத்தலுக்குக் கடன் ஒப்பந்தத்தின் தவணை அட்டவணையை எடுத்து, 12 மாதத்துக்குள் கட்ட வேண்டிய பகுதி நடப்புப் பொறுப்பாகப் பிரிக்கப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். காட்டுமுறைக்கு அதே ஒப்பந்தம் உதவும்: கிடங்கை அடமானம் வைத்திருப்பதாக அதில் இருந்தால், நிதியறிக்கையின் குறிப்புகளிலும் அது இருக்க வேண்டும்.