ஒரு ஜிபி எவ்வளவு விழுகிறது? ரீசார்ஜ் பிளான் அட்டவணையைச் சரியாகப் படிப்பது எப்படி

மொபைல் பிளான்களை ஒப்பிடும் அட்டவணைகளில் எல்லோர் கண்ணும் முதலில் போய் நிற்பது ‘ஒரு ஜிபிக்கு விலை’ என்ற கட்டத்தில்தான். அதில் எது குறைவோ அதுவே லாபம் என்று முடிவுகட்டி ரீசார்ஜ் செய்துவிடுகிறோம். ஆனால் அந்த எண், நிறுவனம் தருகிற மொத்த டேட்டாவால் விலையை வகுத்து வருவது. நாம் உண்மையில் செலவழிக்கிற டேட்டாவால் வகுத்தால் வரிசையே மாறிவிடும்.

கணக்கு குழம்பாமல் இருக்க ஒரே நிறுவனத்தின் ஐந்து பிரீபெய்டு பிளான்களை மட்டும் எடுத்துக்கொள்வோம். 2024 ஜூலை 3 முதல் நடைமுறைக்கு வந்த ஜியோ கட்டணங்கள் இவை. இதன் பிறகு சில மாறியிருக்கலாம். அதனால் ரீசார்ஜ் செய்யும் அன்று நிறுவனத்தின் ஆப்பிலோ, தொலைத்தொடர்பு ஒழுங்குமுறை ஆணையமான டிராய் நடத்தும் tariff.trai.gov.in தளத்திலோ இன்றைய விலையைப் பார்த்து எண்களை மாற்றிக்கொள்ளுங்கள். கணக்குப் போடும் முறை எந்த நிறுவனத்துக்கும் ஒன்றுதான்.

| பிளான் (ரூ.) | வேலிடிட்டி | தினசரி டேட்டா | மொத்த டேட்டா | ஒரு ஜிபிக்கு (ரூ.) | ஒரு நாளைக்கு (ரூ.) | அன்லிமிடெட் 5ஜி |
|---|---|---|---|---|---|---|
| 299 | 28 நாள் | 1.5 ஜிபி | 42 ஜிபி | 7.12 | 10.68 | இல்லை |
| 349 | 28 நாள் | 2 ஜிபி | 56 ஜிபி | 6.23 | 12.46 | உண்டு |
| 799 | 84 நாள் | 1.5 ஜிபி | 126 ஜிபி | 6.34 | 9.51 | இல்லை |
| 859 | 84 நாள் | 2 ஜிபி | 168 ஜிபி | 5.11 | 10.23 | உண்டு |
| 3599 | 365 நாள் | 2.5 ஜிபி | 912.5 ஜிபி | 3.94 | 9.86 | உண்டு |

ஐந்திலும் அளவில்லா அழைப்பும் தினம் 100 எஸ்எம்எஸ்ஸும் உண்டு. அதனால் ஒப்பிடும்போது அந்த இரண்டையும் விட்டுவிடலாம்.

ஜிபி கணக்கில் 3599 பிளான் எட்டாத தூரத்தில் முன்னால் நிற்கிறது. ஆனால் பக்கத்துக் கட்டத்தைப் பாருங்கள்: ஒரு நாளைக்கு ஆகும் செலவில் 799 பிளான்தான் மலிவு. இரண்டும் வேறு வேறு கேள்விகளுக்கான பதில். தினமும் கொடுக்கிற டேட்டா முழுவதையும் காலி செய்பவருக்கு முதல் எண் முக்கியம். பாதியைக்கூடத் தொடாதவருக்கு இரண்டாவது எண்தான் உண்மையான விலை.

வீட்டிலும் அலுவலகத்திலும் வைஃபை இருக்கிற ஒருவர், பயணத்தில் மட்டும் மொபைல் டேட்டாவைப் போட்டு நாளொன்றுக்கு 0.6 ஜிபி செலவழிக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 84 நாளில் அவர் தொடுவது 50.4 ஜிபி. 799 பிளானில் அவருக்கு ஒரு ஜிபி ரூ.15.85 விழுகிறது. 3599 பிளானில் ரூ.16.43. 349 பிளானில் ரூ.20.77. அட்டவணையில் 3.94 என்று இருந்தது அவர் கைக்கு வரும்போது நான்கு மடங்குக்கு மேல் ஆகிவிட்டது. மீதி டேட்டா ஒவ்வொரு நள்ளிரவும் கணக்கிலிருந்து அழிந்துபோகிறது.

தினசரி டேட்டா என்ற சொல்லிலேயே இந்தச் சிக்கல் இருக்கிறது. இன்று மிச்சம் பிடித்தது நாளைக்கு வராது. (வோடஃபோன் ஐடியாவின் சில பிளான்களில் திங்கள் முதல் வெள்ளி வரை மிஞ்சியதை சனி, ஞாயிறில் பயன்படுத்தலாம், அது விதிவிலக்கு.) அதனால் மாதச் சராசரியை வைத்துப் பிளான் தேர்ந்தெடுப்பது தவறாகிவிடுகிறது. வார நாட்களில் 0.7 ஜிபி, சனியும் ஞாயிறும் படம் பார்த்து 3 ஜிபி என்று செலவழிப்பவரைப் பாருங்கள். வாரத்துக்கு 9.5 ஜிபி, அதாவது நாளுக்குச் சராசரி 1.36 ஜிபி. 1.5 ஜிபி பிளான் தாராளமாகப் போதும் என்றுதான் தோன்றும். ஆனால் வார இறுதியில் நாளுக்கு 1.5 ஜிபியோடு நின்றுவிடுவதால் அவருக்குக் கிடைப்பது வாரம் 6.5 ஜிபி மட்டுமே. 3 ஜிபி பற்றாக்குறை. அதே வாரத்தின் ஐந்து நாட்களில் அவர் தொடாமல் விட்டது 4 ஜிபி!

விரிதாளில் அட்டவணை போடுகிறவர்கள் இதைச் சுலபமாகக் கணக்கிடலாம். B-யில் விலை, C-யில் வேலிடிட்டி நாட்கள், D-யில் தினசரி டேட்டா இருந்தால், E-யில் உங்களுக்கு உண்மையில் பயன்படும் சராசரி டேட்டாவும் F-இல் அதன்படி ஒரு ஜிபியின் விலையும் வரும்:

```
E2: =(5*MIN(D2,0.7)+2*MIN(D2,3))/7
F2: =B2/(C2*E2)
```

0.7, 3 என்ற இடங்களில் உங்கள் வார நாள் செலவையும் வார இறுதிச் செலவையும் போட்டுக்கொள்ளுங்கள். மேலே சொன்னவருக்கு 799 பிளானில் ஒரு ஜிபி ரூ.10.24, 859 பிளானில் ரூ.9.54, 3599 பிளானில் ரூ.8.12 என்று வருகிறது. அட்டவணையில் இருந்த பெரிய இடைவெளி இங்கே சுருங்கிவிட்டதைக் கவனியுங்கள்.

உங்கள் சொந்த எண்களை எடுப்பதில்தான் பலர் தவறுகிறார்கள். ஆண்ட்ராய்டு போனில் அமைப்புகளுக்குள் டேட்டா பயன்பாடு என்ற பக்கம் இருக்கும். அதில் சுழற்சி தொடங்கும் தேதியை நீங்கள் ரீசார்ஜ் செய்த தேதிக்கு மாற்றினால்தான் கணக்கு பொருந்தும். ஐபோனில் ‘நடப்புக் காலம்’ என்று காட்டுவது நாமாக ரீசெட் செய்யும் வரை கூடிக்கொண்டே போகும். வாங்கிய நாளிலிருந்து சேர்ந்த மொத்தத்தை ஒரு மாதச் செலவு என்று நினைத்துப் பெரிய பிளான் போட்டுவிடாதீர்கள். இன்னொன்று, போன் காட்டும் எண்ணில் 5ஜி, 4ஜி இரண்டும் கலந்திருக்கும். தினசரி அளவில் எவ்வளவு கழிந்தது என்பது நிறுவனத்தின் ஆப்பில்தான் தெரியும். இரண்டு வாரம் தினமும் இரவு தூங்கப்போகும் முன் அந்த ஆப்பைத் திறந்து எண்ணைக் குறித்துக்கொண்டால் போதும், வார நாளுக்கும் வார இறுதிக்கும் உள்ள வித்தியாசம் தெளிவாகிவிடும்.

தினசரி அளவு தீர்ந்தபின் ‘அன்லிமிடெட் 64 கேபிபிஎஸ்’ என்று போட்டிருப்பார்கள். இது நொடிக்கு 8 கிலோபைட். ஒரு எம்பி இறங்கவே இரண்டு நிமிடம் ஆகும். வாட்ஸ்அப்பில் எழுத்துச் செய்தி போகும்; படம் சுற்றிக்கொண்டே இருக்கும்; யுபிஐ பணப்பரிமாற்றம் பாதியில் நேரம் கடந்து தோற்றுப்போக வாய்ப்பு அதிகம். மாலையில் கடையில் நின்று பணம் அனுப்ப முடியாமல் திணறினால் முதலில் பார்க்க வேண்டியது சிக்னலை அல்ல, அன்றைய டேட்டா மிச்சம் இருக்கிறதா என்பதை. இந்த 64 கேபிபிஎஸ்ஸை அட்டவணையில் ஒரு சலுகையாகச் சேர்க்கவே கூடாது என்பது என் கருத்து.

கூடுதல் சலுகைகளில் உண்மையிலேயே பணப் பெறுமானம் உள்ளது அன்லிமிடெட் 5ஜி. இந்த ஐந்தில் தினம் 2 ஜிபியும் அதற்கு மேலும் தரும் பிளான்களுக்கு மட்டும் இது கிடைக்கிறது. 5ஜி சிக்னலில் செலவாகும் டேட்டா தினசரி அளவில் கழியாது. 799, 859 இரண்டுக்கும் வித்தியாசம் 84 நாளுக்கு வெறும் 60 ரூபாய். வார இறுதியில் படம் பார்க்கிறவருக்கு 5ஜி போனும் வீட்டுக்குள் 5ஜி சிக்னலும் இருந்தால், அந்த 60 ரூபாயிலேயே பற்றாக்குறை முழுவதும் தீர்ந்துவிடும். 28 நாள் பிளான்களில் அதே வசதிக்கு 299-இலிருந்து 349-க்குப் போக வேண்டும். 84 நாளுக்குக் கணக்கிட்டால் 150 ரூபாய் கூடுதல். போன் 4ஜியாக இருந்தாலோ, வீட்டுக்குள் வந்ததும் சிக்னல் 4ஜிக்கு இறங்கிவிட்டாலோ அந்தக் கட்டத்தில் பூஜ்யம் போடுங்கள். நீங்கள் வழக்கமாக உட்கார்ந்து பார்க்கும் இடத்தில் போனின் மேல்முனையில் 5ஜி என்று நிலையாக நிற்கிறதா என்று சில நாள் பார்த்துவிட்டு முடிவு செய்யலாம்.

ஓடிடி சந்தாவுக்கு ஒரே அளவுகோல்தான்: அது இலவசமாக வராவிட்டால் காசு கொடுத்து வாங்குவீர்களா? வாங்குவீர்கள் என்றால் அந்தத் தொகையைப் பிளான் விலையில் கழித்துவிட்டு மீண்டும் கணக்குப் போடுங்கள். இல்லையென்றால் அதைக் கணக்கில் சேர்க்க வேண்டாம். கழிப்பதற்கு முன் மூன்றைச் சரிபார்க்க வேண்டும். சந்தா மொபைலில் மட்டும் ஓடுமா, டிவியிலும் ஓடுமா. சந்தாவின் காலம் பிளானின் வேலிடிட்டியோடு ஒத்துப்போகிறதா. அது தானாக வருமா, ஆப்பில் போய் நாமே பெற்றுக்கொள்ள வேண்டுமா. சில சலுகைகளில் அடுத்தடுத்த மாதச் சந்தா வேண்டுமானால், பிளான் முடிந்த குறிப்பிட்ட மணி நேரத்துக்குள் மறு ரீசார்ஜ் செய்தாக வேண்டும் என்று நிபந்தனை இருக்கும்.

வேலிடிட்டியில் எல்லோருக்கும் தெரிந்த விஷயம், 28 நாள் என்பது மாதம் அல்ல. ஆண்டுக்கு 13 முறை ரீசார்ஜ் செய்ய வேண்டும். 299 பிளானைத் தொடர்ந்து போட்டால் 364 நாளுக்கு ரூ.3887 ஆகிறது. இது 3599-ஐ விடவே அதிகம். தேதி மாறாமல் இருக்க வேண்டும் என்பவர்களுக்காக, 30 நாள் பிளானும் ஒவ்வொரு மாதமும் ஒரே தேதியில் புதுப்பிக்கும் பிளானும் குறைந்தது ஒவ்வொன்றாவது வைத்திருக்க வேண்டும் என்று டிராய் 2022 ஜனவரியில் உத்தரவிட்டது. அவை ஆப்பில் முதல் பக்கத்தில் தெரியாமல் இருக்கலாம், தேடிப் பார்க்க வேண்டும்.

ஆண்டு பிளானில் ஒரு ஆபத்து உண்டு. நடுவில் சிக்னல் மோசமாகி வேறு நிறுவனத்துக்கு எண்ணை மாற்றினால் மிச்சமிருக்கும் வேலிடிட்டி கூட வராது, பணமும் திரும்பாது. நான்கு மாதத்தில் மாறினால் 3599-இல் ஏறக்குறைய 2400 ரூபாய் போய்விடும். புது வீட்டுக்கோ புது ஊருக்கோ போனவர்கள் முதலில் 28 நாள் பிளானைப் போட்டு, வீட்டின் உள்ளறையில் சிக்னல் நிற்கிறதா என்று பார்த்தபின் நீண்ட பிளானுக்குப் போவதே நல்லது.

ஜிபி கட்டமே தேவைப்படாத ஒரு வரிசையும் அட்டவணையில் இருக்க வேண்டும். பட்டன் போன் வைத்திருக்கும் பெரியவர்களுக்கும், ஓடிபி வருவதற்காக மட்டும் இரண்டாவது சிம் வைத்திருப்பவர்களுக்கும் டேட்டா பிளான் வீண். அழைப்பும் எஸ்எம்எஸ்ஸும் மட்டும் தரும் ரீசார்ஜை எல்லா நிறுவனங்களும் வைத்திருக்க வேண்டும் என்று 2024 டிசம்பரில் டிராய் விதி கொண்டுவந்தது. அதன்படி 2025 ஜனவரியில் வந்த ஜியோவின் 448 ரூபாய் பிளான் 84 நாளுக்கு அளவில்லா அழைப்பும் 1000 எஸ்எம்எஸ்ஸும் தருகிறது. ஒரு நாளைக்கு ரூ.5.33. அம்மாவின் பட்டன் போனுக்கு வழக்கப்படி 799 போட்டுக்கொண்டிருந்தால், ஒவ்வொரு 84 நாளுக்கும் 351 ரூபாய் தொடாத டேட்டாவுக்குப் போகிறது. கடையில் சொல்லும்போது ‘டேட்டா இல்லாத வாய்ஸ் பிளான்’ என்று குறிப்பாகக் கேளுங்கள். வெறுமனே ‘84 நாள் பிளான்’ என்றால் டேட்டா பிளானைத்தான் போடுவார்கள்.