வட்டப் பலகைக்குக் கீழே தொங்கும் ‘தவிர’

கடலூரில் ஓட்டுநர் பயிற்சிப் பள்ளி நடத்துகிறேன். எல்.எல்.ஆர். தேர்வுக்கு வருகிற பிள்ளைகள் சாலைக் குறியீடுகளை ஒரே இரவில் மனப்பாடம் செய்துவிடுகிறார்கள். சிவப்பு வளையத்துக்குள் நீல நிறம், குறுக்கே ஒரு சிவப்புக் கோடு என்றால் நிறுத்தக்கூடாது. இரண்டு கோடுகள் பெருக்கல் குறிபோல வெட்டிக்கொண்டால் ஒரு நிமிடம்கூட நிற்கவே கூடாது. இதெல்லாம் தேர்வுக்குப் போதும். சாலைக்குப் போதாது. ஏனென்றால் தேர்வுத் திரையில் வருவது வட்டம் மட்டும்தான். சாலையில் அதே கம்பத்தில், வட்டத்துக்குக் கீழே, வெள்ளை நிறத்தில் ஒரு சின்னச் செவ்வகத் தகடு இருக்கும். பயிற்சி வகுப்பில் அதைப் பற்றி யாரும் கேட்டதில்லை. அபராதம் கட்டிய பிறகுதான் கேட்கிறார்கள்.

என்னிடம் பழகிய தம்பி ஒருவர் சிறு சரக்கு வண்டி வைத்திருக்கிறார். கடலூரிலிருந்து புதுச்சேரிக் கடைகளுக்கு மளிகைச் சரக்கு ஏற்றிச் செல்வது அவர் தொழில். நேரு வீதிப் பக்கத்தில் ஒரு குறுகலான தெருவில் அவருக்கு ஒரு வாடிக்கைக் கடை. கடைக்கு எதிரே நிறுத்தத் தடைப் பலகை. அதன் கீழே இரண்டு தகடுகள். முதல் தகட்டில் ‘காலை 8 – இரவு 9’ என்றும், அடுத்ததில் ‘சரக்கு ஏற்றி இறக்கும் வண்டிகள் தவிர’ என்றும், அதே தகட்டின் கடைசி வரியில் ‘மதியம் 1 – 3’ என்றும் எழுதியிருந்தது.

ஒரு நாள் காலை 11.40க்குப் போய் நிறுத்தினார். அபராதச் சீட்டு வந்தது. என்னிடம் வந்து பொரிந்து தள்ளினார். “சார், என்னுடையது சரக்கு வண்டிதானே? ‘தவிர’ என்று அவர்களே எழுதிவிட்டு என்னையே பிடித்தால் எப்படி?”

கைப்பேசியில் அவர் எடுத்திருந்த படத்தை வாங்கிப் பார்த்தேன். முதல் தகடு, வட்டத்தின் தடையை ஒரு நேரத்துக்குள் அடைக்கிறது: காலை 8 முதல் இரவு 9 வரை யாரும் நிறுத்தக்கூடாது. இரண்டாம் தகடு அந்தத் தடையில் ஒரு சன்னலைத் திறக்கிறது. ஆனால் சன்னல் நாள் முழுக்கத் திறந்திருக்கவில்லை. ‘மதியம் 1 – 3’ என்ற வரி அந்தத் தகட்டிலேயே இருப்பதால், அது விலக்கின் நேரம். அவர் ‘தவிர’ என்ற சொல்லோடு வாசிப்பதை நிறுத்திவிட்டார். 11.40க்கு அவருடைய சரக்கு வண்டியும் ஒரு காரும் அந்தப் பலகையின் கண்ணில் ஒன்றுதான்.

சரி என்று போனவர் அடுத்த வாரம் இன்னொரு சீட்டோடு வந்தார். இந்த முறை மணி 2. “நேரம் சரியாகத்தானே சார் இருக்கிறது?” நேரம் சரிதான். என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டேன். சரக்கை 1.20க்கே இறக்கிவிட்டு, வண்டியை அங்கேயே விட்டுவிட்டுச் சாப்பிடப் போயிருக்கிறார். தகட்டில் ‘சரக்கு வண்டிகள் தவிர’ என்று எழுதவில்லை. ‘சரக்கு ஏற்றி இறக்கும் வண்டிகள் தவிர’ என்று எழுதியிருக்கிறது. முன்னது வண்டியின் சாதி. பின்னது வண்டி அந்த நேரத்தில் செய்யும் வேலை. கடைசி மூட்டை இறங்கியதுமே அவருடைய விலக்கு முடிந்துவிட்டது. மோட்டார் வாகனச் சட்டத்தின் 177ஆம் பிரிவில் முதல் முறைக்கு 500 ரூபாய் வரையும், மீண்டும் செய்தால் 1500 ரூபாய் வரையும் அபராதம் உண்டு. ஒரு பெயரெச்சத்தைக் கவனிக்காததற்கு இது கொஞ்சம் அதிகமான விலைதான்.

ஆங்கிலத் தகட்டைவிடத் தமிழ்த் தகட்டுக்கு ஓர் ஆபத்து கூடுதல் என்று எனக்குப் படுகிறது. ஆங்கிலத்தில் விலக்குச் சொல் வரியின் தலையில் வரும். தமிழில் ‘தவிர’ வாலில் வருகிறது. ‘அரசுப் பஸ்கள் தவிர’ என்ற தகட்டில் கடைசிச் சொல் மட்டும் வெயிலில் வெளுத்துப் போனாலோ, அதன்மேல் ஒரு கண்ணீர் அஞ்சலிச் சுவரொட்டி ஒட்டப்பட்டாலோ, மிச்சம் நிற்பது ‘அரசுப் பஸ்கள்’. பஸ்ஸைத் தவிர மற்றவை நுழையக்கூடாது என்பது, பஸ் மட்டும் நுழையக்கூடாது என்று தலைகீழாகிவிடும். கடற்கரை ஊர்களில் உப்புக் காற்று தகட்டின் ஓரத்தைத்தான் முதலில் தின்னும். நம் மொழியில் உயிர்ச்சொல் இருப்பதும் அந்த ஓரத்தில்தான். அதனால் தகட்டில் ஒரு வண்டி வகை மட்டும் எழுதியிருந்து, பின்னால் காலியிடம் விட்டிருந்தால் சந்தேகப்படுங்கள். கீழேயோ மேலேயோ ஆங்கில வரி இருந்தால் அதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

நேரத் தகட்டைப் பற்றி இன்னும் இரண்டு செய்திகள் சொல்ல வேண்டும். தகடே இல்லாத தடைப் பலகை 24 மணி நேரமும், எல்லா நாளும், எல்லா வண்டிக்கும் செல்லும். “ஞாயிற்றுக்கிழமைதானே” என்பது பதிலாகாது. இன்னொன்று, நள்ளிரவைத் தாண்டும் நேரம். புதுச்சேரிக் கடற்கரைச் சாலையில் மாலை 6 மணியிலிருந்து மறுநாள் காலை 7.30 வரை வண்டிகளை விடுவதில்லை என்பது உள்ளூர்க்காரர்களுக்குத் தெரியும். அது தினமும் நடப்பதால் குழப்பம் இல்லை. ஆனால் வேறு எங்காவது ‘சனி, ஞாயிறு: மாலை 6 – காலை 6’ என்று பார்த்தால், திங்கட்கிழமை விடியற்காலை 3 மணி அதில் சேருமா? ஞாயிறு மாலை தொடங்கிய தடை அறுந்துவிடாமல் ஓடித் திங்கள் காலை 6க்கு முடிகிறது என்று படிப்பதுதான் முறை. இரவு 12க்கு ஞாயிறு முடிந்துவிட்டது என்று வாதாடலாம். அதைச் சாலையில் நின்று வாதாட வேண்டியிருக்கும்.

தகட்டில் உள்ள நேரம் முடிந்துவிட்டால் எங்கும் நிறுத்தலாம் என்று எடுத்துக்கொள்வதும் பிசகு. இரவு 9க்குப் பிறகு அந்தப் பலகை அனுமதி தருவதில்லை. வாயை மூடிக்கொள்கிறது, அவ்வளவுதான். சந்திப்புக்கு அருகில், வளைவில், பஸ் நிறுத்தத்தில், இன்னொரு வீட்டு வாசலை மறித்து நிறுத்தக்கூடாது என்ற பொதுவான ஓட்டுநர் விதிகள் அப்போதும் விழித்திருக்கின்றன. நீலச் சதுரத்தில் வண்டி நிறுத்துமிடம் என்று காட்டும் பலகையில் கணக்கு மாறும். அது அனுமதிப் பலகை. அதன் கீழ் நேரம் எழுதியிருந்தால் சுருங்குவது அனுமதி. ஒரே எண்கள், ஒரே தகடு; மேலே இருக்கும் பலகை மாறினால் பொருளும் மாறுகிறது. ஆகவே தகட்டைத் தனியாகப் படிக்கவே கூடாது. ஒரே கம்பத்தில் இரண்டு பலகைகள் இருந்தால், தகடு தனக்கு நேர்மேலே இருக்கும் பலகையைத்தான் பேசுகிறது என்று கொள்ள வேண்டும்.

(கடைக்காரர்கள் தாங்களே எழுதித் தொங்கவிடும் ‘நிறுத்தினால் காற்று பிடுங்கப்படும்’ வகையறாக்கள் இந்தக் கணக்கில் வராது. சட்டத்தின் 116ஆம் பிரிவு போக்குவரத்துக் குறியீடு வைக்கும் உரிமையை மாநில அரசுக்கும் அது அதிகாரம் தந்த அமைப்புக்கும் கொடுத்திருக்கிறது, கடைக்காரருக்கு அல்ல. காற்றைப் பிடுங்கும் உரிமையும் அவருக்கு இல்லை.)

தூரத் தகட்டுக்கு வருகிறேன். பாடம் எடுக்கும்போது நான் கடலூர் – புதுச்சேரி நெடுஞ்சாலையில், கிருமாம்பாக்கம், அரியாங்குப்பம் வழியாகப் பிள்ளைகளை ஓட்டச் சொல்வதுண்டு. அந்த மாதிரிச் சாலையில் வருவது பெரும்பாலும் முக்கோண எச்சரிக்கைப் பலகைகள். அவற்றின் கீழே ‘200 மீ’ என்று மட்டும் இருந்தால், ஆபத்து இன்னும் 200 மீட்டர் தள்ளித் தொடங்குகிறது என்று பொருள். அதே 200 மீட்டர் எண்ணின் இரு பக்கமும் மேல்நோக்கிய அம்புக்குறிகள் நின்றாலோ, ‘200 மீட்டருக்கு’ என்றோ ‘200 மீ வரை’ என்றோ எழுதியிருந்தாலோ, ஆபத்து இங்கிருந்து தொடங்கி அவ்வளவு நீளம் ஓடுகிறது என்று பொருள். முன்னது தள்ளியிருக்கும் தூரம், பின்னது நீளம். தமிழில் இந்த வித்தியாசத்தைச் சுமப்பது ஒரு ‘க்கு’.

இதில் தடுமாறினால் என்ன ஆகும் என்பதை ஒரு மாணவி எனக்குக் காட்டினார். இரட்டை வளைவுப் பலகை. கீழே அம்புக்குறிகளுடன் ‘500 மீ’. அவர் மணிக்கு 60 கிலோமீட்டரில் வந்துகொண்டிருந்தார். வளைவுகள் 500 மீட்டருக்கு அப்பால்தான் வரும் என்று நினைத்து வேகத்தைக் குறைக்கவில்லை. அந்த வேகத்தில் வண்டி ஒரு நொடிக்குச் சுமார் 17 மீட்டர் நகர்கிறது. 500 மீட்டர் கடக்க அரை நிமிடம். அந்த அரை நிமிடம் தன் கையில் இருப்பதாக அவர் எண்ணினார். முதல் வளைவு மூன்றாவது நொடியில் வந்தது. என் பக்கத்துப் பிரேக்கை நான் மிதித்தேன். அதைத் தாண்டியதும் “முடிந்தது” என்று மீண்டும் வேகமெடுத்தார். எதிர்ப்பக்கம் திரும்பும் அடுத்த வளைவு அங்கேதான் இருந்தது. இரண்டாம் முறையும் நான்தான் மிதித்தேன்.

வட்டத் தடைப் பலகையோடு அம்புக்குறி வந்தால், அது தடையின் எல்லையைக் காட்டுகிறது: அம்பு காட்டும் பக்கம் தடை செல்லும். இரு பக்கமும் அம்பு இருந்தால் நீங்கள் தடையின் நடுவில் நிற்கிறீர்கள். கம்பத்தைத் தாண்டிப் பத்தடி தள்ளி நிறுத்திவிட்டு, “பலகை அங்கேதானே இருக்கிறது” என்று சொல்பவர்கள் இந்த அம்பைப் பார்க்காதவர்கள்.

சரக்கு வண்டித் தம்பி இப்போது 1 மணிக்குப் போய், இறக்கி முடித்ததும் வண்டியைக் கிளப்பிவிடுகிறார். போன மாதம் அதே கம்பத்தின் புதிய படம் ஒன்றை அனுப்பினார். தகட்டின் கடைசி வரி மேல் ஒரு ஆங்கிலப் பேச்சு வகுப்பு விளம்பரம் ஒட்டியிருந்தது. ‘மதியம் 1 – 3’ மறைந்துவிட்டது. பார்க்கிறவர் எவருக்கும் சரக்கு இறக்க நாள் முழுக்க அனுமதி இருப்பதாகவே தோன்றும். “இப்போது 11 மணிக்குப் போய் நிறுத்தலாமா சார்?” என்று கேட்டிருந்தார். கம்பம் முழுவதும் தெரியும்படி, தேதியோடு இன்னொரு படம் எடுத்துப் போக்குவரத்துக் காவல் நிலையத்தில் மனுவாகக் கொடுக்கச் சொன்னேன். கொடுத்திருக்கிறார். விளம்பரம் இன்னும் அங்கேதான் இருக்கிறது. அவர் 1 மணிக்குத்தான் போகிறார்.