காணாமல்போன 2100

நான்காவது தடத்தில் இரண்டே பட்டைகள்தான் தெரிகின்றன. ஒன்றின் நீளம் 2100, இன்னொன்றின் நீளம் 800. கூட்டினால் 2900 வருகிறது. அதே பிளாஸ்மிட் பக்கத்துத் தடத்தில் 5000 என்று கணக்குக் காட்டியிருக்கிறது. மீதி 2100 எங்கே போனது? நொதிகளால் வெட்டி, ஜெல்லில் ஓடவிட்டு, பிளாஸ்மிட்டின் வரைபடத்தைக் கண்டுபிடிக்கப் பழகும் எவரும் ஒருநாள் இந்த இடத்தில் வந்து முட்டிக்கொள்வார்கள். முட்டிக்கொள்வது நல்லதுதான். ஜெல்லை வாசிக்கும் கலை முழுவதும் இந்தக் காணாமல்போன துண்டைத் தேடுவதில் அடங்கியிருக்கிறது.

பிளாஸ்மிட் என்பது பாக்டீரியாவுக்குள் தனியாக இருக்கும் ஒரு டி.என்.ஏ. வளையம். வெட்டு நொதிகள் ஒவ்வொன்றும் தனக்கென்று ஒரு குறிப்பிட்ட எழுத்து வரிசையைக் கண்டால் மட்டுமே வெட்டும். ஆய்வகப் பேச்சில் ‘ஈகோ’ என்று சுருக்கமாக அழைக்கப்படும் ஈகோ ஆர்-1 நொதி GAATTC என்ற வரிசையில் வெட்டும். ‘பாம்’ எனப்படும் பாம் எச்-1 நொதி GGATCC இல் வெட்டும். ஹின்ட்-3 நொதிக்கு AAGCTT வேண்டும். நம்மிடம் இருக்கும் வளையத்தில் இந்த வரிசைகள் எங்கெங்கே இருக்கின்றன என்பதுதான் நாம் வரைய வேண்டிய வரைபடம்.

ஒரு கயிற்றை ஓரிடத்தில் வெட்டினால் இரண்டு துண்டுகள் கிடைக்கும். வளையத்தை ஓரிடத்தில் வெட்டினால் ஒரே துண்டு, நீளமாக விரிந்து கிடைக்கும். இரண்டு இடங்களில் வெட்டினால் இரண்டு துண்டுகள். வளையத்தில் எத்தனை வெட்டோ அத்தனை துண்டு. அந்தத் துண்டுகளின் நீளங்களைக் கூட்டினால் எப்போதும் வளையத்தின் முழு நீளம் வந்தாக வேண்டும். இந்த இரண்டு விதிகளைத் தவிர வேறு கணிதம் எதுவும் இங்கே தேவையில்லை.

நீளத்தை அளப்பது ஜெல்லின் வேலை. ஒவ்வொரு குழாயிலும் 500 நானோகிராம் பிளாஸ்மிட்டை எடுத்து, நொதியையும் அதற்குரிய கரைசலையும் சேர்த்து, 37 டிகிரி வெப்பத்தில் ஒரு மணி நேரம் வைத்துவிட்டு, 1 சதவீத அகரோஸ் ஜெல்லின் குழிகளில் ஏற்றி மின்சாரம் பாய்ச்சுகிறோம். டி.என்.ஏ. எதிர்மின்சுமை கொண்டது. ஆகவே நேர்மின்வாயை நோக்கி ஊர்ந்து செல்லும். சிறிய துண்டுகள் ஜெல்லின் நுண்துளைகளுக்குள் எளிதாக நுழைந்து முன்னே ஓடிவிடும், பெரியவை பின்தங்கும். ஓட்டம் முடிந்ததும் எத்திடியம் புரோமைடு சாயம் ஏறிய ஜெல்லைப் புற ஊதா ஒளியில் வைத்தால், ஒரே நீளமுள்ள துண்டுகள் கூடி நின்ற இடங்கள் ஆரஞ்சு நிறப் பட்டைகளாக ஒளிரும்.

ஓரத் தடத்தில் நீளம் தெரிந்த துண்டுகளின் கலவை ஒன்று ஓடியிருக்கும். அதை ‘ஏணி’ என்பார்கள். நம் ஜெல்லில் ஏணியின் 3000 பட்டை குழியிலிருந்து 34 மில்லிமீட்டரிலும், 2000 பட்டை 42 மில்லிமீட்டரிலும் நிற்பதாக வைத்துக்கொள்வோம். நாம் அளக்க வேண்டிய பட்டை 41 இல் இருக்கிறது. எட்டு மில்லிமீட்டருக்கு ஆயிரம், ஆகவே ஒன்றுக்கு 125 என்று நேர்க்கணக்குப் போடக் கை துடிக்கும். ஆனால் ஜெல் கழித்தலில் ஓடுவதில்லை, விகிதத்தில் ஓடுகிறது. இந்தப் பகுதியில் ஒவ்வொரு மில்லிமீட்டர் கீழே இறங்கும்போதும் நீளம் ஏறத்தாழ 5 சதவீதம் குறைகிறது. ஆகவே 42 இலிருந்து ஒரு மில்லிமீட்டர் மேலே ஏறினால் 2000 உடன் 5 சதவீதம் சேர்த்து 2100. (நீளம் எங்கெல்லாம் வருகிறதோ அங்கெல்லாம் அலகு, டி.என்.ஏ.வின் இரு இழைகளிலும் எதிரெதிரே நிற்கும் எழுத்து ஜோடியான கார இணைதான். இனி அதைத் திரும்பத் திரும்பச் சொல்லப்போவதில்லை.) அடிக்கோலின் பிழையும் பட்டையின் தடிமனும் சேர்ந்து சில சதவீதம் முன்பின்னாகும். 5000 வர வேண்டிய இடத்தில் 4900 வந்தால் கவலை இல்லை. 2900 வந்தால் கதை வேறு.

இப்போது தடங்களுக்கு வருவோம். முதல் தடத்தில் வெட்டாத பிளாஸ்மிட். முறுக்கேறிய வளையம், முறுக்கவிழ்ந்த வளையம் என்று அது பல உருவங்களில் ஓடும். முறுக்கேறிய வளையம் சுருண்டு இறுகிக் கிடப்பதால், அதே நீளமுள்ள நேரான துண்டை முந்திக்கொண்டு போய்விடும். ஏணி நேரான துண்டுகளுக்கான அளவுகோல். அதை வைத்து இந்தத் தடத்தின் நீளத்தைப் படிக்கக் கூடாது. அப்படியானால் இந்தத் தடம் எதற்கு? மற்றத் தடங்களில் வெட்டுப்படாமல் எஞ்சிய பிளாஸ்மிட் இருந்தால் அது எந்த உயரத்தில் நிற்கும் என்று காட்டுவதற்கு. இந்தச் சாட்சி இல்லாவிட்டால், முறுக்கேறிய வளையத்தின் பட்டையை உண்மையான துண்டு என்று நம்பி வரைபடத்தில் ஏற்றிவிடுவோம்.

இரண்டாவது தடத்தில் ஈகோ மட்டும். 5000 இல் ஒரே பட்டை. வளையத்தில் ஈகோ ஓரிடத்தில் வெட்டுகிறது. முழு நீளம் 5000. மூன்றாவது தடத்தில் பாம் மட்டும். 2900, 2100 என்று இரண்டு பட்டைகள். கூட்டினால் 5000. பாம் இரண்டு இடங்களில் வெட்டுகிறது.

நான்காவது தடத்தில் ஈகோவும் பாமும் சேர்ந்து. மூன்று வெட்டுகள் இருப்பதால் மூன்று துண்டுகள் வர வேண்டும். தெரிவது 2100, 800 ஆகிய இரண்டுதான். இங்கே கேட்க வேண்டிய கேள்வி, பாம் தடத்தில் இருந்த எந்தப் பட்டை இப்போது இல்லை என்பது. 2900 மறைந்துவிட்டது. அப்படியானால் ஈகோவின் இடம் அந்த 2900 துண்டுக்குள்தான் இருக்கிறது. அதிலிருந்து 800 பிரிந்தால் மீதி 2100. ஏற்கெனவே பாம் வெட்டித் தந்த துண்டும் 2100. ஒரே நீளமுள்ள இரு வேறு துண்டுகள் ஒரே வேகத்தில் ஓடி, ஒன்றின்மேல் ஒன்றாக நின்றுவிட்டன. எதுவும் காணாமல் போகவில்லை. ஒரு பட்டைக்குள் இருவர் ஒளிந்திருக்கிறார்கள்.

இதைப் பட்டையின் ஒளியே காட்டிக்கொடுக்கும். ஒவ்வொரு வளையத்திலிருந்தும் ஒவ்வொரு துண்டும் ஒன்றுதான் கிடைக்கிறது. ஆகவே எடை நீளத்தைப் பொறுத்து அமையும். 500 நானோகிராமில் 800 துண்டுக்கு 80 நானோகிராம் சேரும். ஒரு 2100 துண்டுக்கு 210. ஆனால் நான்காவது தடத்தின் 2100 பட்டையில் இரண்டு துண்டுகள், அதாவது 420 நானோகிராம். பக்கத்துப் பாம் தடத்தில் உள்ள 2100 பட்டையைவிட இது இரு மடங்கு பிரகாசமாக இருக்க வேண்டும். கண்ணுக்கே தெரியும் வேறுபாடு இது. ஒரு தடத்தில் கீழே இறங்க இறங்கப் பட்டைகள் மங்கிக்கொண்டே போவதுதான் இயல்பு. அந்த வரிசையை மீறி ஒன்று பளிச்சென்று நின்றால், அங்கே இரட்டையர் இருக்கிறார்களா என்று பார்க்க வேண்டும்.

இனி ஒரு வட்டம் வரையலாம். ஈகோவின் இடத்தை உச்சியில் 0 என்று குறிப்போம். அதற்கு ஒரு பக்கம் 800 தொலைவில் ஒரு பாம், மறுபக்கம் 2100 தொலைவில் இன்னொரு பாம். எது வலம், எது இடம்? ஜெல்லுக்கு அது தெரியாது. வரைபடமும் அதன் கண்ணாடிப் பிம்பமும் ஒரே பட்டைகளைத்தான் தரும். ஆகவே நம் விருப்பப்படி ஒன்றைத் தேர்ந்தெடுத்து, கடிகாரச் சுற்றில் 800 இலும் 2900 இலும் பாம் என்று எழுதிக்கொள்வோம். அந்தத் தேர்வைச் செய்த பிறகு மாற்றக் கூடாது. அடுத்த நொதி வரும்போது, அது எந்தப் பக்கம் என்ற கேள்விக்கு இப்போது உண்மையான விடை உண்டு.

ஹின்ட்-3 ஓரிடத்தில் வெட்டுகிறது. ஈகோவுடன் சேர்த்து வெட்டினால் 3500, 1500. அப்படியானால் ஹின்ட் 1500 இல் இருக்கலாம், அல்லது எதிர்ச்சுற்றில் 1500 தள்ளி, அதாவது 3500 இல் இருக்கலாம். இந்தத் தடம் மட்டும் இரண்டையும் பிரித்துச் சொல்லாது. தீர்ப்புச் சொல்ல வேண்டியது பாமும் ஹின்ட்டும் சேர்ந்த தடம். ஜெல்லைப் பார்க்கும் முன்பே இரண்டு சாத்தியங்களுக்கும் விடையை எழுதி வைப்பது என் வழக்கம். பட்டைகளைப் பார்த்தபின் காரணம் கண்டுபிடிப்பதில் மனித மனம் கெட்டிக்காரத்தனமானது. ஹின்ட் 3500 இல் இருந்தால் 2300, 2100, 600 வர வேண்டும். 1500 இல் இருந்தால் 2900, 1400, 700. தடத்தில் தெரிவது 2900, 1400, 700. பாம் தடத்தின் 2900 அப்படியே இருக்கிறது, 2100 உடைந்திருக்கிறது. ஹின்ட்டின் இடம் 1500.

எல்லா ஜெல்லும் இவ்வளவு ஒழுக்கமாக நடந்துகொள்ளாது. அடிக்கடி நிகழ்வது அரைகுறை வெட்டு. நொதி பழையதாகவோ டி.என்.ஏ. தூய்மையற்றோ இருந்தால், சில வளையங்களில் பாம் ஓரிடத்தில் மட்டும் வெட்டியிருக்கும். அப்போது 2900, 2100 ஆகியவற்றுக்கு மேலே 5000 இல் ஒரு மங்கிய பட்டை தோன்றும். கூட்டுத்தொகை 10000 என்று எகிறும். பிளாஸ்மிட் இரண்டு மடங்கு பெரியதோ என்று மயங்க வேண்டாம். உண்மையான துண்டாக இருந்தால் மிக நீளமான பட்டைதான் மிகப் பிரகாசமாக இருந்திருக்கும். நீளமாகவும் இருந்து மங்கியும் தெரிந்தால் அது வேலை முடியாத வெட்டு. நொதியை மாற்றியோ நேரத்தைக் கூட்டியோ மறுபடி வெட்டினால் அது மறைந்துவிடும்.

இதற்கு நேர்மாறான தொல்லை, மிகச் சிறிய துண்டு. இரண்டு பாம் இடங்களுக்கு நடுவே வெறும் 60 இருந்தால், அந்தத் துண்டு 500 நானோகிராமில் 6 நானோகிராம்தான். அதுவும் ஜெல்லின் முனையை நோக்கி ஓடி, பரவி, கண்ணில் படாமல் போய்விடும். கூட்டுத்தொகையும் இதைப் பிடிக்காது, ஏனென்றால் 60 நம் அளவீட்டுப் பிழையைவிடச் சிறியது. ஆகவே இத்தகைய வரைபடம் ‘பாம் குறைந்தது இரண்டு இடங்களில் வெட்டுகிறது’ என்று மட்டுமே சொல்ல முடியும். துல்லியம் வேண்டுமென்றால் எழுத்து வரிசையையே படித்தாக வேண்டும். இன்று அது சுலபம். 1971 இல் கேத்லீன் டன்னாவும் டேனியல் நேத்தன்ஸும் எஸ்.வி.40 வைரஸின் டி.என்.ஏ. வளையத்தை வெட்டு நொதியால் 11 துண்டுகளாகப் பிரித்துக் காட்டியபோது அந்த வசதி கிடையாது. துண்டுகளின் நீளமும், எது எதோடு ஒட்டியது என்ற தருக்கமும்தான் கையில் இருந்தன.

கடைசித் தடத்தில் மூன்று நொதிகளும் சேர்ந்து வெட்டுகின்றன. நம் வரைபடம் சரியென்றால் 2100, 1400, 800, 700 ஆகிய நான்கும் வர வேண்டும்; கூட்டினால் 5000. ஹின்ட் ஒரு 2100 துண்டை உடைத்துவிட்டதால், இங்கே 2100 பட்டை இரட்டைப் பிரகாசத்தை இழந்து நான்காவது தடத்தில் இருந்ததில் பாதியாகத் தெரிய வேண்டும். ஓட்டத்தைச் சீக்கிரம் நிறுத்திவிட்டால் 800 உம் 700 உம் ஒட்டிக்கொண்டு, 750 அருகே ஒரே தடித்த பட்டையாக நிற்கும். தொகை 4250 என்று இடிக்கும். அந்தப் பட்டை 1400 ஐவிடச் சிறியதாக இருந்தும் அதைவிடச் சற்றுப் பிரகாசமாக இருக்கும், ஏனென்றால் அதற்குள் 1500 நீளத்துக்கான டி.என்.ஏ. இருக்கிறது. ஜெல்லை மீண்டும் தொட்டியில் வைத்து இன்னும் இருபது நிமிடம் ஓடவிட்டால் இரண்டும் பிரிந்துவிடும்.